மூக்குத்தி யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? டர்பன் பள்ளி ஒன்றின் எழுதாத பாடங்கள்

டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் நடத்தை விதிகளில் நகை பற்றி ஒரு சின்னப் பத்தி இருந்தது. ஒரு காதுக்கு ஒன்றாக, இரண்டு காதிலும் ஒரே உயரத்தில், சாதாரண வட்டத் தோடோ சிறு வளையமோ போடலாம். கைக்கடிகாரம் கட்டலாம், ஆனால் அது சீருடைக்குப் பொருந்த வேண்டும். உடலில் இருக்கும் நோயைக் குறிக்கும் மருத்துவ வில்லையை அணியலாம். வேறு நகை எதுவும் கூடாது. அவ்வளவுதான். எந்த மதத்தின் பெயரோ எந்த இனத்தின் பெயரோ அதில் இல்லை.

2004 செப்டம்பர் விடுமுறையில் அந்தப் பள்ளியில் படித்த தமிழ் மாணவி ஒருத்தி, அம்மாவின் சம்மதத்தோடு மூக்கு குத்திக்கொண்டாள். அக்டோபரில் பள்ளி திறந்தபோது சிறிய தங்க மூக்குத்தியோடு போனாள். கழற்றச் சொன்னார்கள். அவள் கழற்றவில்லை. அங்கே தொடங்கியது மூன்று ஆண்டுகள் கழித்து, 2007 அக்டோபர் 5 அன்று, தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பில் முடிந்தது. சட்டம் படித்தவர்கள் இதைப் பிள்ளை வழக்கு என்பார்கள். பிள்ளை என்பது மாணவியின் அம்மாவின் குடும்பப் பெயர், அவர்தான் வழக்குத் தொடுத்தவர்.

இதை எல்லோரும் மத உரிமை வழக்காகவே படிக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் கல்விச் சமூகவியல் பக்கமிருந்து பார்த்தால், பள்ளியில் சொல்லாமல் சொல்லித்தரப்படும் பாடங்கள் இவ்வளவு தெளிவாக எழுத்தில் பதிவான சந்தர்ப்பம் அபூர்வம். பள்ளி தன் விதியை விளக்க வேண்டியிருந்தது, குடும்பம் தன் வழக்கத்தை விளக்க வேண்டியிருந்தது. சாதாரணமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணங்கள் எல்லாம் நீதிமன்றக் கட்டுகளில் ஏறின.

மறைமுகப் பாடத்திட்டம் என்ற கருத்தை 1968இல் கல்வி ஆய்வுக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்க ஆய்வாளர் பிலிப் ஜாக்சன். வகுப்பறைகளின் பின்னால் நீண்ட நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு அவர் சொன்னது எளிமையானது. ஒரு பிள்ளை பள்ளியில் கணக்கும் மொழியும் மட்டும் கற்பதில்லை. கூட்டத்தில் ஒருவராக இருந்து தன் முறைக்குக் காத்திருக்கக் கற்கிறது. எப்போதும் யாரோ தன்னை மதிப்பிடுகிறார்கள் என்பதோடு வாழக் கற்கிறது. தன்னைவிட அதிகாரம் உள்ளவரின் திட்டத்துக்குத் தன் விருப்பத்தை ஒதுக்கிவைக்கக் கற்கிறது. இவற்றுக்குப் பாடநூல் கிடையாது. ஆனாலும் தேறாமல் போனால் பள்ளியில் தாக்குப்பிடிக்க முடியாது.

இதை ஆராய்கிறவர்களுக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. எழுதப்படாத பாடத்தை எங்கே போய்ப் பார்ப்பது? யாரும் மீறாதவரை அது கண்ணில் படாது. யாராவது மீறும்போது, அதுவும் கெட்ட எண்ணமில்லாமல் மீறும்போது, யார் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது, யார் சொல்ல வேண்டியதில்லை என்று கவனித்தால் பாடம் வெளியே வரும். டர்பன் சம்பவத்தின் மதிப்பு அதில்தான் இருக்கிறது.

முதலில் தோட்டையே எடுத்துக்கொள்வோம். விதிப்படி தோடும் நகைதான், மூக்குத்தியும் நகைதான். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு தங்கம். தோடு போட்ட மாணவி எவருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை. மூக்குத்தி போட்டவளின் அம்மா, பள்ளி கேட்டுக்கொண்டபடி, எழுத்தில் விளக்கம் தர வேண்டியிருந்தது. காது சரி, மூக்கு ஏன் கூடாது என்ற கேள்வி விதியை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. தோன்றாததுதான் விஷயம். பெண்பிள்ளை என்றால் காதில் தோடு இருக்கும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம், அது விதிக்குள் இயல்பாக நுழைந்துவிட்டது. இன்னொருவர் வீட்டு வழக்கம் நுழையவில்லை.

தலைமை நீதிபதி பியுஸ் லங்கா பெரும்பான்மைத் தீர்ப்பில் சரியாக இந்த இடத்தைத்தான் தொட்டார். விதி எல்லோருக்கும் பொது, யாரையும் தனியாகக் குறிவைக்கவில்லை என்பது பள்ளியின் வாதம். அந்த விதி நடுநிலையானது அல்ல என்றார் அவர். பெரும்போக்கான, வரலாற்றில் சலுகை பெற்ற அலங்காரத்தை அது இயல்பானதாக வைத்துக்கொண்டு, ஒதுக்கப்பட்டவர்களின் அலங்காரத்தை வெளியே தள்ளுகிறது. தன்னை முழுதாக ஏற்காத சூழலில் படிக்க வேண்டிய சுமை அந்த மாணவிமேல் விழுகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். ஒரு சமூகவியல் பாடத்தை நீதிபதி ஒருவர் இத்தனை சுருக்கமாகச் சொன்னதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

வரலாறு இல்லாமல் இந்தச் சுமையின் எடை தெரியாது. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை இறக்கியதிலிருந்து, இங்குள்ள தமிழர்கள் பள்ளிக்கூடத்தைப் பெரும்பாலும் தாங்களே கட்டித்தான் பெற்றார்கள். சமூகம் பணம் போடும், அரசு கொஞ்சம் மானியம் தரும். 1965இல் இந்தியர் கல்விச் சட்டம் வந்து, இந்தியப் பிள்ளைகளின் படிப்பு தனித் துறையின் கைக்குப் போனது. இந்தப் பக்கம் இந்தியர் பள்ளி, அந்தப் பக்கம் வெள்ளையர் பள்ளி, ஆப்பிரிக்கர்களுக்கு எல்லாவற்றையும்விடக் குறைந்த பணத்தில் ஒரு பள்ளி. டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளி வெள்ளையர் பக்கத்தைச் சேர்ந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட பள்ளிகள் மெல்லக் கதவைத் திறந்தன. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் போன்ற இந்தியக் குடியிருப்புகளில் வளர்ந்த பெற்றோருக்கு அங்கே ஓர் இடம் கிடைப்பது சின்ன விஷயமல்ல. நல்ல ஆய்வுக்கூடம், நீச்சல் குளம், பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழி எல்லாம் அங்கே இருந்தன.

கதவு திறந்தது. ஆனால் உள்ளே இருந்த பழக்கங்கள் அப்படியே இருந்தன. புதிதாக வருகிறவர்கள் தங்களை மாற்றிக்கொள்ள வேண்டும், இடம் மாற வேண்டியதில்லை. இதை யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை. சேரும்போது நடத்தை விதிகளை ஏற்பதாக ஓர் உறுதிமொழித் தாளில் பெற்றோர் கையெழுத்துப் போட்டார்கள், அது போதுமானதாக இருந்தது. இந்த அம்மாவும் 2002இல் கையெழுத்துப் போட்டவர்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது மீறலாமா என்பது பள்ளி பக்கத்தின் வலுவான வாதங்களில் ஒன்று. ஆனால் பிள்ளைக்கு நல்ல பள்ளி கிடைத்த நாளில் விதித்தாளைக் கையில் வாங்கும் தாய், ஏழாவது பக்கமோ எட்டாவது பக்கமோ நகை விதியை எதிர்த்துப் பேரம் பேசுவாரா? இங்கே கையெழுத்து என்பது சம்மதத்தைவிட நன்றிக்குத்தான் அதிகம் நெருக்கம். இந்த இடத்துக்கு யார் தகுதி என்ற பாடம் அந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. இது உன் இடம் இல்லை, உனக்குத் தரப்பட்ட இடம் என்று அது சொல்கிறது.

சரி, கீழ்ப்படிதலுக்கு வருவோம். சீருடை ஒழுக்கத்தை வளர்க்கிறது, ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் விதி முழுதும் சரியும் என்பது எல்லாப் பள்ளிகளும் சொல்வது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1966இல் பிரிட்டிஷ் சமூகவியலாளர் பேசில் பெர்ன்ஸ்டைன் வேறு இருவரோடு சேர்ந்து பள்ளிச் சடங்குகளை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று எல்லோரையும் ஒரே சமூகமாகக் கட்டும் சடங்கு. காலை வழிபாட்டுக் கூட்டம், பள்ளிப் பாட்டு, சீருடை எல்லாம் இந்த வகை. இன்னொன்று பிரித்துக் காட்டும் சடங்கு. வயது, ஆண் பெண், மாணவர் தலைவர் பட்டை போன்றவை இந்த வகை. சீருடை முதல் வகை என்றுதான் பள்ளி நினைக்கிறது. ஆனால் ஒரு பிள்ளையின் முகத்தில் இருப்பது விதிக்குள் அடங்காதபோது, அதே சீருடை இரண்டாம் வகையாக மாறிவிடுகிறது. கட்டவந்த சடங்கே அவளைப் பிரித்துக் காட்டுகிறது.

ஒழுக்கம் சரியும் என்பது சரிபார்க்கக்கூடிய ஒரு கூற்று. பெரும்பாலான பள்ளிகளில் அதைச் சரிபார்க்கும் வாய்ப்பு வருவதில்லை, ஏனென்றால் மீறல் அன்றே அடக்கப்பட்டுவிடும். இங்கே வாய்ப்பு தானாக வந்தது. 2005 மே மாதத்துக்குள் கழற்றாவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை என்று பள்ளி கெடு வைத்தது. ஜூலையில் அம்மா, பாகுபாட்டு வழக்குகளை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றத்துக்குப் போய் இடைக்கால உத்தரவு வாங்கினார். செப்டம்பரில் அந்த நீதிமன்றம் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தது. 2006 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. இத்தனைக்கும் நடுவே மாணவி மூக்குத்தியோடுதான் படித்துக்கொண்டிருந்தாள், இரண்டு ஆண்டுகளுக்கு மேல். அதனால் பள்ளியின் ஒழுக்கமோ படிப்பின் தரமோ கெட்டதற்குச் சான்று இல்லை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் குறிப்பிட்டது.

விதியிலேயே ஒரு விலக்கு ஏற்கெனவே இருந்ததையும் பார்க்க வேண்டும். மருத்துவ வில்லை அணியலாம் என்று அந்தப் பத்தியே சொன்னது. அதாவது, காரணம் இருந்தால் விதி வளையும், வளைந்தாலும் உடையாது என்பது பள்ளிக்குத் தெரியும். நோய் காரணமாகிறது. பாட்டி காலத்திலிருந்து வந்த வழக்கம் காரணமாகவில்லை. எது காரணம், எது சாக்கு என்று தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் இப்படித்தான் கற்கிறார்கள்.

வேறு பள்ளிக்குப் போகலாமே என்ற யோசனையும் வந்தது. மூக்குத்தியை அனுமதிக்கும் பள்ளிகள் அருகிலேயே இருக்கும்போது ஏன் இங்கேயே இருக்க வேண்டும்? நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அப்படிச் செய்தால் சில மதங்களும் பண்பாடுகளும் ஓரத்துக்குத் தள்ளப்படும் என்றது. இந்த நாட்டில், இன்ன பிள்ளைக்கு இன்ன பள்ளி என்று சட்டம் போட்டு வைத்திருந்த காலம் முடிந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த யோசனையைக் கேட்ட தமிழ்ப் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் அது எந்தக் காலத்தை நினைவுபடுத்தியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெண் என்ற பாடம்தான் இருப்பதிலேயே சிக்கலானது. நம் எழுத்துகளில் பலரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அம்மாவின் கடிதம் சொன்னதைப் பாருங்கள். நாங்கள் தென்னிந்தியக் குடும்பம், எங்களுக்கு முன்பிருந்த பெண்களின் மரபைக் காப்பாற்ற விரும்புகிறோம். பெண் பெரியவளானதும் மூக்குத்தி போடுவது வழக்கம். முன்பு அது திருமணத்துக்குத் தகுதி வந்ததன் அடையாளம், இன்று அது மகளைப் பொறுப்புள்ள இளம்பெண்ணாக மதிக்கும் செயல். பதினாறாம் பிறந்தநாளில் பாட்டி அந்தத் தங்க மூக்குத்தியை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போட்டு ஆசீர்வதிப்பார். இது நாகரிகத்துக்காகச் செய்தது அல்ல.

அழகான கடிதம். அம்மாவின் மனதை என்னால் முழுதாகப் புரிந்துகொள்ள முடிகிறது. கடல் கடந்து நூற்றைம்பது ஆண்டுகள் ஆகப்போகும் குடும்பத்தில் மொழி கைவிட்டுப் போனாலும் பாட்டியின் கையால் மாறும் ஒரு துளி நகை மிச்சமிருக்கிறது. ஆனால் குடும்பத்துக்கும் மறைமுகப் பாடத்திட்டம் உண்டு. பெண் வயதுக்கு வந்ததை அவள் முகத்தில் குறித்து வைப்பது, அந்தக் குறியை மூத்த பெண்கள் தங்கள் கையால் அணிவிப்பது, அதே வயதில் அவள் அண்ணன் தம்பிக்கு அப்படி ஒரு குறி இல்லாமலிருப்பது எல்லாம் பாடங்கள்தான். பொருள் மாறிவிட்டது என்று அம்மா சொன்னது உண்மையாக இருக்கலாம். பொருள் மாறும்போதும் அணிகிறவள் யார் என்பது மாறவில்லை.

பள்ளியின் பக்கமும் அப்படியே. பெண்கள் பள்ளி என்பதால்தான் தோட்டுக்கு விதியில் இடம் கிடைத்தது. ஆண்கள் பள்ளி விதித்தாளில் அப்படி ஒரு வரியைப் பார்ப்பது கடினம். தோடு எளிமையாக, வட்டமாக, ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அடக்கமாக அலங்கரித்துக்கொள்ளும் பெண் நல்ல மாணவி. ஆக, இரண்டு தரப்புமே அவள் உடலில் எது எங்கே இருக்கலாம் என்று தீர்மானித்திருந்தன. சண்டை, யாருடைய தீர்மானம் செல்லும் என்பதில்தான்.

இந்த வழக்கில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. சமத்துவ நீதிமன்ற விசாரணையில் மாணவி சாட்சி சொல்லவில்லை. அம்மா பேசினார். பள்ளி பேசியது. இந்துப் பண்பாட்டை அறிந்தவர்களின் கருத்து பதிவானது. அவள் பேசவில்லை. யாருடைய நம்பிக்கையைப் பற்றிய வழக்கோ அவரிடமிருந்தே கேட்பது எப்போதும் நல்லது, சில நேரம் அது இல்லாமல் முடியாது, பிள்ளை என்றாலும் அப்படித்தான் என்று லங்கா தீர்ப்பில் குறிப்பிட்டார். நாடு முழுக்க ஒரு பெண்ணின் மூக்கைப் பற்றிப் பேசியது, அவள் என்ன நினைத்தாள் என்பது மட்டும் விசாரணையில் பதிவாகவில்லை. பெரியவர்கள் உனக்காகப் பேசுவார்கள், நீ காத்திரு என்பது பள்ளியும் வீடும் சேர்ந்து சொல்லித்தந்த பாடம். ஜாக்சன் வகுப்பறையில் கண்ட அதே காத்திருப்பு இது.

ஆனாலும் அவள் செய்த ஒன்று இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழற்றாமல் இருந்தாள். அது அம்மாவுக்குக் கீழ்ப்படிந்ததா, பள்ளியை எதிர்த்ததா, தன் விருப்பமா என்று ஆவணங்களை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. மறைமுகப் பாடத்திட்டம் பற்றிய பல ஆய்வுகள் தடுமாறும் இடமும் இதுதான். பிள்ளைகள் பாடத்தை அப்படியே விழுங்கிவிடுகிறார்கள் என்று அவை எடுத்துக்கொள்கின்றன. பிள்ளை எதை ஏற்றது, எதை ஏற்றதுபோல் நடந்துகொண்டது என்பது விதித்தாளில் தெரியாது.

தீர்ப்பு என்ன சொன்னது? மூக்குத்தி மதக் கட்டாயம் அல்ல, விருப்பத்தோடு பின்பற்றும் வழக்கம்தான் என்று அறிந்தவர்களே சொன்னார்கள். கட்டாயமில்லாத வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் வைத்தது. தென்னிந்தியத் தமிழ் இந்துப் பண்பாட்டின் வெளிப்பாடு அது, அதை மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்றது. இன்று மூக்குத்திக்கு இடம் கொடுத்தால் நாளைக்குச் சடைமுடி, அப்புறம் இன்னும் என்னென்னவோ வரும் என்ற அச்சத்தையும் தள்ளிவிட்டது. அப்படி வந்தால் அது பன்மையின் அணிவகுப்பு, பயப்பட வேண்டியது அல்ல என்பது லங்காவின் நிலை. நாகரிகத்துக்காகக் குத்திக்கொள்ளும் துளைகளுக்கு இந்தத் தீர்ப்பு வழிவிடவில்லை. மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள் ஆகியோரைக் கலந்து நடத்தை விதிகளைத் திருத்தி, மத, பண்பாட்டுக் காரணங்களுக்கு நியாயமாக இடம்கொடுக்கும் வழியையும் அதற்கான நடைமுறையையும் சேர்க்கச் சொல்லிப் பள்ளிக்கு உத்தரவிட்டது. இதற்குள் அந்த மாணவி பள்ளியை முடித்துப் போய்விட்டாள். இனி வரும் பிள்ளைகளுக்காகத்தான் நீதிமன்றம் தீர்ப்பைச் சொன்னது.

இது பெரிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் எனக்கு உறுத்துவது அதன் வடிவம். தோடு விதியாகவே இருக்கிறது. மூக்குத்தி விலக்காக உள்ளே வருகிறது. விலக்கு என்றால் விண்ணப்பம் வேண்டும், காரணம் வேண்டும், ஒரு குழு அதைப் படித்து நம்ப வேண்டும். அந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் தெளிவாக எழுதத் தெரிந்த அம்மா உள்ள பிள்ளைக்கு மூக்குத்தி கிடைக்கும். இரவு வேலைக்குப் போகும் தாயும், எழுதத் தயங்கும் பாட்டியும் வளர்க்கும் பிள்ளை பள்ளி வாசலில் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளும். பழைய பாடம் "உன் வழக்கம் கூடாது" என்றது. புதிய பாடம் "உன் வழக்கத்தை நிரூபி" என்கிறது. முன்னதைவிட இது மென்மையானது, ஆனால் நிரூபிக்க வேண்டியவர்கள் அதே ஆட்கள்தான்.

விலக்கு முறையால் விதியின் மையம் நகரவில்லை என்பதை 2016 ஆகஸ்டில் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளி காட்டியது. அங்கே கறுப்பின மாணவிகள் தங்கள் இயல்பான முடியை ஒழுங்கற்றது என்று நடத்துவதை எதிர்த்துத் திரண்டார்கள். பிள்ளை வழக்குக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, கிட்டத்தட்ட அதே கேள்வி. எந்த முடி இயல்பு, எந்த முடிக்கு விளக்கம் வேண்டும்? மாகாணக் கல்வி அமைச்சர் தலையிட்டு முடி விதியை நிறுத்திவைக்கச் சொன்னார். இந்தத் தடவை ஒரு வித்தியாசம் இருந்தது, அது முக்கியமானது. பேசியவர்கள் பிள்ளைகள்.

1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டப்படி நடத்தை விதிகளை மாணவர், பெற்றோர், ஆசிரியர் மூவரையும் கலந்துகொண்டுதான் நிர்வாகக் குழு ஏற்க வேண்டும். அதே சட்டம்தான் பிரம்படியையும் தடைசெய்தது. பிரம்பு போனபின் கீழ்ப்படிதல் பாடத்தின் பெரும்பகுதி இந்தத் தாளுக்குள் குடிபோய்விட்டது, அதனால் அதை வாசிக்கத் தெரிய வேண்டும். நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் விதித்தாளை எடுத்து, விலக்கு கேட்க வேண்டியவை எவை என்று ஒரு பக்கத்திலும், கேட்காமலே கிடைப்பவை எவை என்று இன்னொரு பக்கத்திலும் எழுதிப் பார்க்கலாம். இரண்டாவது பக்கம்தான் கடினம். அதில் வருபவை விதியாகவே தெரியாது. பெண்ணுக்கு எந்த நீளப் பாவாடை, ஆணுக்கு எந்த நீள முடி, ஞாயிறு ஏன் ஓய்வு, கிறிஸ்துமஸ் ஏன் எல்லோருக்கும் விடுமுறை, தீபாவளிக்கு ஏன் பெற்றோர் கடிதம் என்று வரிசை நீளும். அப்புறம் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கேட்க வேண்டியது, மூக்குத்திக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதல்ல. காதுக்கு ஒன்று என்ற அந்த வரியை, மூக்குக்கும் சேர்த்து ஒரே வரியாக எழுதினால் என்ன என்பதுதான். அந்த வரி எழுதப்பட்டால் எந்த அம்மாவும் கடிதம் எழுத வேண்டியிருக்காது. மூக்கு குத்திக்கொள்ள விரும்பாத தமிழ்ப் பெண்ணும் ஏன் வேண்டாம் என்று வீட்டில் சொல்ல, பள்ளியின் விதியைக் காரணம் காட்ட முடியாது. அவள் தன் சொந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டிவரும், நாமும் அதைக் கேட்க வேண்டிவரும்.